பாயிண்ட் மதிப்பை மட்டும் ஒட்டினால் போதாது

கேள்வி: பத்து ஃபெரிங்கியில் ஒரு கடற்கரை ஹோட்டலின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். மொத்தம் 90 பேர் இருக்கிறோம். சர்வீஸ் சார்ஜ் குறைந்துவிட்டது என்று ஹவுஸ்கீப்பிங் அக்காமார்கள் முணுமுணுக்கிறார்கள். டிப்ஸ் விஷயத்தில் ரெஸ்டாரண்ட் பையன்களுக்கும் கிச்சனுக்கும் சண்டை. எல்லாவற்றையும் விளக்கி ஒரு நோட்டீஸ் எழுதச் சொல்லியிருக்கிறார் பொது மேலாளர். ஆனால் "மொத்த வசூலைப் போடாதே, ஒரு பாயிண்டுக்கு எவ்வளவு என்று மட்டும் போடு" என்கிறார். "சர்வீஸ் சார்ஜோடு சேர்த்து எல்லாருக்கும் 1,700 ரிங்கிட்டைத் தாண்டுகிறது, அதையும் எழுது" என்றும் சொல்கிறார். இதை எப்படி நியாயமாக எழுதுவது ஐயா?

பதில்:

மேலாளர் இரண்டாவதாகச் சொன்னதை முதலில் பார்ப்போம். அந்த வரி நோட்டீஸில் ஏறக்கூடாது. உங்கள் கையெழுத்தோடு கட்டாயம் ஏறக்கூடாது.

ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் மற்ற முதலாளிகளுக்கும் அதுதான். இது அடிப்படைச் சம்பளத்துக்கான அளவு. சர்வீஸ் சார்ஜை அதில் சேர்த்துக் கணக்குக் காட்டலாமா என்ற கேள்வி நம் நாட்டு ஹோட்டல்களில் பல ஆண்டுகள் இழுபட்டது. கிரிஸ்டல் கிரவுன் ஹோட்டலுக்கும் தீபகற்ப மலேசியாவின் ஹோட்டல், பார், உணவகத் தொழிலாளர் தேசியச் சங்கத்துக்கும் நடந்த வழக்கில் 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு முடிவு கட்டியது. சர்வீஸ் சார்ஜ் வாடிக்கையாளர் தரும் பணம். உரிய தொழிலாளர்களிடம் சேர்க்கும் வரை ஹோட்டல் அதைப் பொறுப்பில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்ப முடியாது.

இது ஒரு தொழிலாளியின் கையில் என்ன மாற்றம் செய்கிறது என்று பாருங்கள். அறை சுத்தம் செய்யும் ஒருவருக்கு அடிப்படை 1,350, சர்வீஸ் சார்ஜ் 525 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டினால் 1,875. மேலாளர் கண்ணுக்கு இது 1,700-ஐத் தாண்டிவிட்டது. சட்டப்படி அவருக்கு அடிப்படையே 1,700 வேண்டும். அதற்கு மேல் 525, ஆக 2,225. மாதம் 350 ரிங்கிட் குறைகிறது. குறைவது அதோடு நிற்கவில்லை. இ.பி.எஃப். சந்தாவுக்குச் சர்வீஸ் சார்ஜ் கணக்கில் வராது, அடிப்படைச் சம்பளம் வரும். ஆகவே அந்த 350-க்கு உரிய சேமநிதியும் அவருக்குக் கிடைக்காமல் போகிறது. சொக்சோ சந்தாவுக்கோ சர்வீஸ் சார்ஜையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இந்த இரண்டையும் சம்பளப் பிரிவில் மாற்றிப் போட்டுவிடுவது உண்டு, சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மேலாளரிடம் இதை எப்படிச் சொல்வது என்று நீங்கள் தயங்கலாம். அவர் சொன்ன வரியைப் பலகையில் ஒட்டினால், நிர்வாகம் சட்டத்தை மீறுகிறது என்பதற்கு நிர்வாகமே எழுதித் தந்த சான்றாக அது ஆகிவிடும் என்று சொல்லுங்கள். புரிந்துகொள்வார். யாருடைய அடிப்படையாவது 1,700-க்குக் கீழே இருந்தால் நோட்டீஸுக்கு முன் அதைத் திருத்த வேண்டும், பாக்கியையும் கணக்கிட்டுத் தர வேண்டும்.

இனி, மொத்த வசூலைப் போடலாமா என்ற கேள்வி. போட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து. சர்வீஸ் சார்ஜ், அவரவர் வேலை நிலைக்கு உரிய பாயிண்ட் கணக்கில் பங்கிடப்படுகிறது. "இந்த மாதம் ஒரு பாயிண்ட் 105 ரிங்கிட்" என்று மட்டும் ஒட்டினால், தொழிலாளியால் தன் ஏழு பாயிண்டை 105-ஆல் பெருக்கத்தான் முடியும். அந்த 105 எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. அவருக்குச் சந்தேகமே அந்த இடத்தில்தான். மொத்த வசூல், நிர்வாகம் எடுத்துக்கொண்ட பங்கு, மொத்தப் பாயிண்ட் ஆகிய மூன்றும் இருந்தால், ஆறாம் வகுப்புக் கணக்குத் தெரிந்த யாரும் தானே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் மாதத்தை எடுத்து ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் நான் எடுத்துக்காட்டுக்கு வைத்தவை, உங்கள் எண்களை இட்டு நிரப்பிக்கொள்ளுங்கள். அறை வருமானம் 480,000. ரெஸ்டாரண்டும் விருந்து மண்டபமும் சேர்ந்து 220,000. மொத்தம் 700,000 ரிங்கிட், அதில் பத்து விழுக்காடு சர்வீஸ் சார்ஜ் 70,000. உங்கள் கூட்டு ஒப்பந்தத்தில், உடைசலுக்கும் நிர்வாகச் செலவுக்கும் என்று பத்தில் ஒரு பங்கை ஹோட்டல் வைத்துக்கொள்ளலாம் என எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 7,000. பங்கிட வேண்டியது 63,000. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லையென்றால் அந்த 7,000-மும் தொழிலாளர்களுடையதே. நெடுநாளாக எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது காரணமாகாது. வரி இருந்து, உடைசலுக்கென ஒரு பங்கு முன்பே எடுக்கப்படுகிறதென்றால், பிறகு தட்டு உடைத்த பையனின் சம்பளத்திலிருந்து தனியாகப் பிடிப்பது ஒரே செலவை இரண்டு முறை வாங்குவது. சம்பளத்தில் எவற்றைப் பிடிக்கலாம் என்பதை 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு வரையறுத்திருக்கிறது. அதையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அடுத்து பாயிண்ட். தொடக்க நிலையில் 40 பேர், ஆளுக்கு 5 பாயிண்ட், 200. மூத்தவர்கள் 30 பேர், ஆளுக்கு 7, 210. சூப்பர்வைசர்கள் 15 பேர், ஆளுக்கு 9, 135. உதவி மேலாளர் நிலையில் 5 பேர், ஆளுக்கு 11, 55. ஆக 90 பேர், 600 பாயிண்ட். 63,000-ஐ 600-ஆல் வகுத்தால் ஒரு பாயிண்ட் 105 ரிங்கிட். ஐந்து பாயிண்ட் உள்ளவருக்கு 525, ஏழு உள்ளவருக்கு 735.

இதுவரை யாரும் சண்டை போட மாட்டார்கள். சிக்கல் விடுப்பில் வருகிறது. ஏழு பாயிண்ட் உள்ள ஓர் அக்கா ஜூனில் பத்து நாள் சம்பளமில்லா விடுப்பில் இருந்தார். முப்பது நாளில் இருபது நாளுக்கு அவருக்கு 4.67 பாயிண்ட். மீதி 2.33 பாயிண்டுக்கு உரிய 245 ரிங்கிட் அவருக்குக் கிடைக்காது. சரி, அந்த 245 எங்கே போயிற்று? பல ஹோட்டல்களில் சம்பள மென்பொருள் அவர் பங்கை மட்டும் வெட்டிவிட்டு, வகுக்கும் எண்ணை 600-ஆகவே விட்டுவிடுகிறது. பணம் பொதுப் பானையிலிருந்து வெளியே போகவே இல்லை, ஹோட்டலிலேயே தங்கிவிடுகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் மாதம் நாலைந்து பேர் விடுப்பில் இருந்தால், ஒரு மாதத்தில் இருவர் புதிதாகச் சேர்ந்து இருவர் விலகினால், ஆண்டுக்கு அது பெரிய தொகை. சரியான வழி, வகுக்கும் எண்ணையும் 597.67 ஆகக் குறைப்பது. அப்போது ஒரு பாயிண்ட் 105.41. விடுப்பில் இருந்தவர் இழந்தது வேலை பார்த்தவர்களுக்குப் போகும். அல்லது மீதியை அடுத்த மாதப் பங்கில் சேர்க்கலாம். எதைச் செய்தாலும் எழுதிவையுங்கள்.

நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கடந்த ஆறு மாதத்துக்கு, ஒவ்வொரு மாதமும் 90 பேரின் சம்பளச் சீட்டில் உள்ள சர்வீஸ் சார்ஜைக் கூட்டுங்கள். அந்த மாதம் பங்கிட வேண்டிய தொகையோடு ஒப்பிடுங்கள். சில காசு வித்தியாசம் வகுத்தலில் வரும். நூறு நூறாக வித்தியாசம் வந்தால் பணம் வேறெங்கோ தங்குகிறது. நோட்டீஸ் எழுதுவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை இது. இல்லையென்றால் முதல் மாதமே ஒரு தொழிலாளி அதைக் கண்டுபிடிப்பார், அதன் பிறகு உங்கள் பலகையில் எது ஒட்டினாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

மருத்துவ விடுப்புக்கும் மகப்பேறு விடுப்புக்கும் பாயிண்ட் குறையுமா என்பது உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. குறையும் என்றாலும் குறையாது என்றாலும் நோட்டீஸில் ஒரு வரி வேண்டும். கர்ப்பிணிப் பெண் ஒருவர் சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் அதைத் தெரிந்துகொள்வது என்பது நியாயமில்லை.

அக்காமார்களின் முணுமுணுப்புக்கு வருகிறேன். குறைந்தது உண்மையாகவே இருக்கலாம், காரணம் திருட்டாக இருக்க வேண்டியதில்லை. ஜூன் வசூல் ஜூலைச் சம்பளத்தில்தான் வரும். பள்ளி விடுமுறையில் முதுகு ஒடிய அறை சுத்தம் செய்த மாதத்தில், அதற்கு முந்தைய மந்தமான மாதத்தின் பங்கு கையில் கிடைக்கும். "இவ்வளவு வேலை, இவ்வளவுதான் காசா" என்று தோன்றுவது இயல்பு. மேலே சொன்ன கணக்கில் வருமானம் 400,000 ஆனால் பாயிண்ட் 60-க்கு இறங்கிவிடும், 525 வாங்கியவர் 300 வாங்குவார். எந்த மாத வசூல், எந்த மாதச் சம்பளத்தில் என்று நோட்டீஸின் தலைப்பிலேயே எழுதுங்கள். முந்தைய இரண்டு மாத பாயிண்ட் மதிப்பையும் பக்கத்தில் போடுங்கள்.

ஆனால் நிர்வாகத்தின் கையில் இருக்கும் ஒரு காரணமும் உண்டு. இணையப் பதிவுகளிலும் பேக்கேஜ்களிலும் வரியும் சர்வீஸ் சார்ஜும் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். அந்த விலையிலிருந்து சர்வீஸ் சார்ஜைப் பிரித்தெடுத்துப் பங்கில் சேர்க்காமல், முழுவதையும் அறை வருமானமாகப் பதிந்துவிட்டால் பங்கு சுருங்கும். அறைகள் நிரம்பியிருக்கும், பாயிண்ட் மட்டும் இறங்கும். இப்படி இரண்டும் எதிரெதிராகப் போகிறதென்றால் கணக்குப் பிரிவில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். கடனில் நடந்த திருமண விருந்தும் இப்படியே. பில் போட்டவுடன் சர்வீஸ் சார்ஜ் பங்கில் சேருமா, பணம் வந்த பிறகா? எதுவானாலும் ஆண்டு முழுவதும் ஒரே விதி இருக்க வேண்டும்.

யாருக்கெல்லாம் பங்கு உண்டு என்பதும் நோட்டீஸில் தெளிவாக இருக்கட்டும். பயிற்சிக் காலத்தில் இருப்பவர், பகுதிநேரம் பார்ப்பவர், நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து வேலை பார்ப்பவர் என்று ஒவ்வொரு வகையையும் பெயர் சொல்லி எழுதுங்கள். ஒரே வேலையைச் செய்யும் வெளிநாட்டவருக்கு வேறு அளவு என்றால் அதை நியாயப்படுத்துவது கடினம். உள்நாட்டவரையும் வெளிநாட்டவரையும் பாகுபடுத்துவதாகப் புகார் வந்தால் தொழிலாளர் இலாகா விசாரிக்க வேலைச் சட்டத்தில் இடம் உண்டு. ஒப்பந்தக்காரர் அனுப்பும் துப்புரவு ஆட்கள் உங்கள் ஹோட்டலின் ஊழியர்கள் இல்லை, வழக்கமாக அவர்கள் இந்தப் பங்கில் வருவதில்லை. அவர்களும் அந்தப் பலகையைத்தான் படிப்பார்கள் என்பதால் அதையும் மரியாதையாக ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

டிப்ஸைத் தனித் தலைப்பில் வையுங்கள். சர்வீஸ் சார்ஜ் பில்லில் ஏறி ஹோட்டலின் கையில் வருவது, அதற்கு ஒப்பந்தம் உண்டு. டிப்ஸ் விருந்தினர் தன் விருப்பத்துக்கு ஒருவர் கையில் கொடுப்பது. தலையணைமேல் வைத்த பத்து ரிங்கிட் அந்த அறையைச் சுத்தம் செய்தவருக்கு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ரெஸ்டாரண்டில்தான் குழப்பம். சாப்பாடு நன்றாக இருந்ததற்குக் கொடுத்தாரா, பையன் சிரித்துப் பரிமாறியதற்கா என்று விருந்தினரிடம் கேட்க முடியாது. பாத்திரம் கழுவும் இடத்தில் நிற்கும் தம்பியை ஒரு விருந்தினரும் பார்ப்பதே இல்லை.

பங்கை நீங்கள் தீர்மானிக்காதீர்கள், மேலாளரும் தீர்மானிக்கக் கூடாது. பரிமாறுவோரிடமிருந்து இருவர், கிச்சனிலிருந்து இருவர் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கட்டும். தொடங்குவதற்கு நான் சொல்லக்கூடிய அளவு, பெட்டியில் விழும் நூறில் எழுபது பரிமாறுவோருக்கு, முப்பது கிச்சனுக்கும் பாத்திரம் கழுவுவோருக்கும். மூன்று மாதம் ஓட்டிப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். சண்டை பெரும்பாலும் விகிதத்தால் வருவதில்லை, பெட்டியை யார் திறந்தார்கள் என்பதால் வருகிறது. ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் இரு பக்கத்திலிருந்தும் ஒருவர் நின்று எண்ணி, நோட்டுப் புத்தகத்தில் தொகை எழுதி இருவரும் கையெழுத்திடட்டும். சூப்பர்வைசருக்கு மேல் உள்ளவர்கள் பெட்டியில் பங்கு எடுக்கக் கூடாது. கார்டில் வரும் டிப்ஸ் ஹோட்டல் கணக்கில் விழுவதால் அதுதான் எளிதாக மறைந்துபோகும். தேதிவாரியாகப் பட்டியல் எடுத்து அடுத்த சம்பளத்தோடு முழுவதும் கொடுத்துவிடுங்கள்.

நோட்டீஸ் கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம்:

"ஜூன் மாதச் சர்வீஸ் சார்ஜ், ஜூலைச் சம்பளத்துடன் வழங்கப்படுகிறது.

ஜூனில் விருந்தினர்களிடம் வசூலான சர்வீஸ் சார்ஜ் 70,000 ரிங்கிட். கூட்டு ஒப்பந்தப்படி ஹோட்டல் எடுத்துக்கொண்டது 7,000. ஊழியர்களுக்கு 63,000.

மொத்தப் பாயிண்ட் 600. சம்பளமில்லா விடுப்பைக் கழித்த பின் 597.67. ஒரு பாயிண்ட் 105.41 ரிங்கிட். விடுப்பால் குறைந்த தொகை மற்ற ஊழியர்களுக்கே பங்கிடப்பட்டுள்ளது.

உங்கள் பாயிண்டும் தொகையும் சம்பளச் சீட்டில் தனி வரியில் உள்ளன. சர்வீஸ் சார்ஜ் உங்கள் அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் வழங்கப்படுவது, அதன் பகுதி இல்லை.

டிப்ஸ் இந்தக் கணக்கில் சேராது. கையில் தரப்படுவது பெற்றவருக்கு. ரெஸ்டாரண்ட் பெட்டி, ஊழியர் குழு ஒப்புக்கொண்ட விகிதப்படி பங்கிடப்படும். எண்ணிய புத்தகத்தை யாரும் பார்க்கலாம்.

கணக்கில் ஐயம் இருந்தால் மனிதவளப் பிரிவில் கேளுங்கள். ஏழு நாளில் எழுத்தில் பதில் தருவோம். சங்கப் பிரதிநிதியையும் அழைத்து வரலாம். கேட்டதற்காக யாருக்கும் எந்தப் பாதிப்பும் வராது."

தனி ஆட்களின் பெயரும் தொகையும் பலகையில் வேண்டாம். எந்த நிலைக்கு எத்தனை பாயிண்ட் என்ற பட்டியல் போதும். மேலாளர்கள் பாயிண்ட் வாங்குகிறார்கள் என்றால் அந்த நிலையும் பட்டியலில் இருக்கட்டும், மறைத்தால் அதுவே பேச்சாகும். மலாயில் ஒன்று, தமிழில் ஒன்று, நேப்பாளி பேசுவோர் இருந்தால் அதில் ஒன்று. தொழிலாளர் கேண்டீனிலும் நேரப்பதிவு இயந்திரத்தின் பக்கத்திலும் ஒட்டுங்கள். மனிதவளப் பிரிவின் கதவில் ஒட்டினால் அங்கே வரத் தயங்குபவர்களுக்குத் தெரியாது.

உங்கள் பதிலில் திருப்தி இல்லாதவர் எங்கே போகலாம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சங்கம் இருக்கும் இடத்தில் கூட்டு ஒப்பந்தத்தை மீறியதாகச் சங்கம் தொழில் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். சங்கம் இல்லாத இடத்தில் வேலை நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே அடிப்படை. சம்பளச் சீட்டுகளோடு தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம், வேலைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின்படி அவர்கள் விசாரிப்பார்கள். வழக்கறிஞர் தேவையில்லை.

ஒட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். நோட்டீஸின் நகலைப் பாத்திரம் கழுவும் தம்பி ஒருவரிடமும் அறை சுத்தம் செய்யும் அக்கா ஒருவரிடமும் கொடுத்து, அவரவர் ஜூன் மாதப் பங்கைத் தாங்களே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று விளக்காதீர்கள். அவர்கள் போட்ட தொகை சம்பளச் சீட்டோடு ஒத்துவந்தால் மேலாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒத்துவராவிட்டால் எந்த வரியில் தடுமாறினார்கள் என்று கேட்டு அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.